செக்மென்ட், ஒஃப்செட்: ஒரே இடத்துக்கு ஏன் இத்தின பேர்? திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

கல்லடியில பின்னேரத்துல கொஞ்சப் பிள்ளைகளுக்கு அசெம்பிளி சொல்லிக் குடுக்கிறன். ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி எண்டு எங்கெங்கயோ இருந்து வருவாங்க, ஆனா ரியல் மோட், அதாவது பழைய 8086 சிப் மெமரியில இடம் பாக்கிற விதம், தொடங்கினா எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விகள்தான். வட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கா தட்டித் தட்டிக் கை நொந்து போச்சு, அதால இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறன். கேள்விகள அவங்க கேட்டபடியே போட்டிருக்கன். மேல இருந்து வாசிச்சு வாங்க, கீழ உள்ளது எல்லாம் மேல உள்ளதப் பிடிச்சுத்தான் நிக்குது.

சேர், 1234:5678 எண்டு ரெண்டு நம்பர் கிடக்கு, இதுல அட்ரஸ் எது?

ரெண்டுமே இல்ல. இடப்பக்கம் உள்ளது செக்மென்ட், வலப்பக்கம் உள்ளது ஒஃப்செட். செக்மென்ட 16ஆல பெருக்கி அதோட ஒஃப்செட்டக் கூட்டினா வாறதுதான் மெமரியில உண்மையான இடம், அதத்தான் பிசிக்கல் அட்ரஸ் எண்டு சொல்ற. ஹெக்ஸ்ல எழுதுறதால 16ஆல பெருக்கிறது எண்டா கடைசியில ஒரு பூச்சியம் போடுறது, அவ்வளவுதான், கல்குலேட்டர் எடுக்கவே தேவையில்ல.

```
  12340
+  5678
-------
  179B8
```

பிழை விடுறது ரெண்டு இடத்துல. ஒண்டு, பூச்சியம் போட மறந்து 1234ஐயும் 5678ஐயும் நேரா கூட்டி 68AC எண்டு எழுதுறது. மற்றது 4ம் 7ம் கூட்டி 11 எண்டு போட்டு ஒண்ட மிச்சம் எடுக்கிறது, ஹெக்ஸ்ல அது B, மிச்சம் ஒண்டும் இல்ல. விடை அஞ்சு இலக்கத்துல வரணும், நாலு இலக்கத்துல வந்தா முன்னால ஒரு பூச்சியம் போட்டு 07C00 எண்டு எழுதிப் பழகுங்க, மறுகா ரெண்டு விடைய ஒப்பிடக்குள்ள கண் ஏமாறாது.

ஏன் 16? 65,536ஆல பெருக்கினா ஒரு இடத்துக்கு ஒரு பேர்தானே வரும், குழப்பமே இல்லையே?

நல்ல கேள்வி, இதக் கேட்டது பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன். 8086 வந்தது 1978ல. அதுட ரெஜிஸ்டர் 16 பிட், அதால ஒரு ரெஜிஸ்டரால 65,536 இடத்தத்தான் சுட்டிக் காட்ட ஏலும். ஆனா சிப்புல இருந்து வெளிய போற அட்ரஸ் லைன் 20, அதால 1,048,576 பைட், அதாவது ஒரு மெகாபைட். 16 பிட்டால 20 பிட்ட எட்டிப் பிடிக்கணும், அதுக்குத்தான் ரெண்டு நம்பர்.

நீ சொன்னபடி 65,536ஆல பெருக்கியிருந்தா குழப்பம் இல்லதான், ஆனா ஒரு மெகாபைட்டுக்குள்ள 16 செக்மென்ட்தான் வரும், ஒவ்வொரு துண்டும் 64 கிலோபைட் எல்லையிலதான் தொடங்கும். ரெண்டு கிலோபைட் புரோகிராம் ஒண்டுக்கும் முழுத் துண்டு ஒண்டு போயிரும். 16ஆல பெருக்கினதால செக்மென்ட் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் ஒருக்கா தொடங்கலாம், அடுத்த புரோகிராம நெருக்கி வைக்கலாம்.

கிளாஸ்ல நான் சொல்றது இதுதான். நீளமான வேலி ஒண்டு, 16 அடிக்கு ஒரு கதியால் நட்டிருக்கு, ஒவ்வொரு கதியாலுக்கும் நம்பர் இருக்கு. உங்கட கையில 65,535 அடிக் கயிறு. வேலியில ஓரிடத்துல தேங்கா ஒண்டு கிடக்கு. "இத்தினையாம் கதியால்ல கயிறக் கட்டி இத்தின அடி போ" எண்டு ஆளுக்கு வழி சொல்லணும். பக்கத்துக் கதியால்ல கட்டினா கயிறு கொஞ்சம், தூரத்துக் கதியால்ல கட்டினா கயிறு கூட, தேங்கா கிடக்கிற இடம் மாறவே இல்ல. கதியால் செக்மென்ட், கயிறு ஒஃப்செட். கயிறு இவ்வளவு நீளமாயும் கதியால் இவ்வளவு நெருக்கமாயும் இருக்கிறதாலதான் ஒரே தேங்காய்க்கு இத்தின வழி.

ரெண்டு ஜோடியப் பாத்து இது ஒரே இடமா இல்லையா எண்டு எப்பிடிச் சொல்ற?

ரெண்டையும் கூட்டிப் பாக்கிறதுதான், வேற மந்திரம் இல்ல. ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு: செக்மென்ட்ட ஒண்டு கூட்டினா ஒஃப்செட்ட 10h குறைக்கணும், அதாவது 16. ஒரு கதியால் முன்னுக்குப் போனா கயிறு 16 அடி குறையுது, அதே கதைதான்.

பழைய பிசியில இதுக்கு உதாரணம் நிறையக் கிடக்கு. கலர் டெக்ஸ்ட் ஸ்கிரீன்ட மெமரி B800:0000ல தொடங்கும். ஒரு வரியில 80 எழுத்து, ஒரு எழுத்துக்கு ரெண்டு பைட், அதால ஒரு வரி 160 பைட், ஹெக்ஸ்ல A0. ரெண்டாம் வரிட முதல் எழுத்து B800:00A0. அத B80A:0000 எண்டும் எழுதலாம், ரெண்டும் B80A0. கீபோர்ட்ல ஷிஃப்ட், கேப்ஸ் லொக் நிலைமைய பயோஸ் எழுதி வைக்கிற பைட்டும் அப்பிடித்தான், 0040:0017 எண்டு ஒருத்தர் எழுதுவார், 0000:0417 எண்டு இன்னொருத்தர் எழுதுவார், ரெண்டு பேரும் சரி.

அப்ப ஒரு இடத்துக்கு மொத்தம் எத்தின பேர்?

8086ல சரியா 4096. ஜோடி மொத்தம் 2^32, இடம் 2^20, வகுத்துப் பாருங்க. கயிற்றுக் கணக்கிலயும் அதுதான், கயிறு எட்டுற 65,536 இடத்த 16ஆல வகுத்தா 4096 கதியால் எட்டுது.

ஆனா வேலிட தொடக்கத்துல ஒரு சிக்கல். 07C00 எண்ட இடத்த எடுங்க, அதுக்கு இடப்பக்கம் 0000ல இருந்து 07C0 வரைக்கும் 1985 கதியால்தான் இருக்கு. மிச்சம் 2111 எங்க? அது வேலிட மற்ற அந்தத்துல, F7C1ல இருந்து FFFF வரைக்கும். அங்க கயிறக் கட்டினா ஒரு மெகாபைட்டத் தாண்டிப் போய்த் திரும்ப பூச்சியத்துல இருந்து தொடங்கும். அந்தத் தாண்டுற விசயத்தக் கீழ FFFF:0010 கேள்வியில சொல்றன்.

பூட் செக்டர் எழுதக்குள்ள `org 0x7c00` போடணுமா `org 0` போடணுமா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க.

ரெண்டும் சரி, டேட்டாவுக்கு செக்மென்ட் நம்பர வச்சிருக்கிற `DS` ரெஜிஸ்டர் அதோட பொருந்தினா. பயோஸ் டிஸ்க்ல முதல் 512 பைட்ட எடுத்து பிசிக்கல் 07C00ல கொண்டு வந்து வைக்குது, அது மாறாது. நீங்க தீர்மானிக்கிறது அந்த இடத்துக்கு எந்தக் கதியால்ல இருந்து கயிறு பிடிக்கிற எண்டு மட்டும்தான். `org` எண்டது புரோகிராம எங்கயும் கொண்டு போய் வைக்காது, இத நல்லா மனசுல வையுங்க, அது அசெம்பிளருக்குச் சொல்ற சேதி: "லேபல்ட ஒஃப்செட்ட இந்த நம்பர்ல இருந்து எண்ணு" எண்டு.

```
        org 0x7c00
        mov ax, 0
        mov ds, ax
        cld
        mov si, msg
next:   lodsb
        or al, al
        jz stop
        mov ah, 0x0e
        int 0x10
        jmp next
stop:   jmp stop
msg:    db "Vanakkam", 0
        times 510-($-$$) db 0
        dw 0xaa55
```

`msg`க்கு முன்னால உள்ள கட்டளைகள் எல்லாம் சேத்து 22 பைட், ஹெக்ஸ்ல 16. அதால `org 0x7c00` போட்டா `msg`ட ஒஃப்செட் 7C16, `DS` பூச்சியம், கூட்டினா 07C16. `org 0` போட்டா ஒஃப்செட் வெறும் 0016, அப்ப `mov ax, 0`ஐ `mov ax, 0x07c0` எண்டு மாத்தி `DS`ல 07C0 வைக்கணும், 07C00ஓட 0016ஐக் கூட்டினா அதே 07C16. ரெண்டு வழியாலயும் ஒரே தேங்காதான்.

நான் `org 0x7c00` போட்டு `DS`க்கும் 0x07C0 குடுத்தன், ஸ்கிரீன்ல ஒண்டுமே வரல்ல, பிழையும் காட்டல்ல. என்ன நடந்த?

7C00ஐ ரெண்டு தரம் கூட்டிப் போட்டீங்க. செக்மென்ட்டால ஒரு 7C00, ஒஃப்செட்டுக்குள்ள இன்னொரு 7C00. அதால புரோகிராம் வாசிக்கிறது 07C00 + 7C16 = 0F816ஐ. அங்க உங்கட எழுத்து இல்ல. எமுலேட்டர்ல அந்த இடம் பெரும்பாலும் பூச்சியமாத்தான் கிடக்கும், நம்மட லூப் பூச்சியத்தக் கண்டா நிக்கும், அதால முதல் பைட்லயே நிண்டிரும், ஸ்கிரீன் வெறுமை. சிபியுவுக்கு இது பிழையாத் தெரியாது, ரியல் மோட்ல எந்த இடத்த வாசிச்சாலும் அது ஏன் எண்டு கேக்காது.

மறுபக்கமாயும் நடக்கும். `org 0` போட்டு `DS`ஐயும் பூச்சியமா விட்டா வாசிக்கிறது 00016. மெமரிட முதல் 1024 பைட் இன்டரப்ட் வெக்டர் டேபிள், அதுக்குள்ள அஞ்சாம் வெக்டர்ட நடுவுல போய் விழுது. அங்கயும் சீக்கிரம் ஒரு பூச்சியம் மாட்டும், ஒண்டு ரெண்டு கோணல் எழுத்து வரும், இல்லாட்டி அதுவும் வராது. ஆக ரெண்டு பிழைக்கும் வெளியில ஒரே மூஞ்சிதான், ஸ்கிரீனப் பாத்துப் பிரிச்சறிய ஏலாது.

உள்ள போய்ப் பாக்கணும். கியூஎமு எமுலேட்டர மொனிட்டரோட தொடங்குங்க:

```
nasm -f bin boot.asm -o boot.img
qemu-system-i386 -drive format=raw,file=boot.img -monitor stdio
```

அந்த `(qemu)` வரியில `info registers` அடிச்சா `DS` வரியில முதல் நம்பர் செக்மென்ட், அடுத்த நம்பர் அத 16ஆல பெருக்கின விடை, கணக்க அதுவே போட்டுத் தருது. `07c0 00007c00` எண்டு தெரிஞ்சா `DS`ல 07C0 கிடக்கு. மறுகா `xp /8xb 0x7c16` அடிங்க. `xp` பிசிக்கல் அட்ரஸ நேரா வாசிக்கும், செக்மென்ட் தலையிடாது. 0x56 0x61 0x6e 0x61 எண்டு வந்தா "Vana" அங்க பத்திரமா இருக்கு, கயிறு கட்டினதுதான் பிழை. இனி `org`ஐயும் `DS`ஐயும் பொருத்தினாச் சரி.

`DS`க்கு ஒண்டுமே குடுக்காம விட்டன், கியூஎமுவுல ஓடுதே சேர்?

ஓடும், அதுதான் ஆபத்து. அங்க பயோஸ் கைமாத்தக்குள்ள `DS` பூச்சியமா இருந்திருக்கு, உங்கட `org 0x7c00`க்கு அது தற்செயலாப் பொருந்திட்டு. எல்லா பயோஸும் அப்பிடி விடும் எண்டு ஒருத்தரும் உறுதி தரல்ல. எனக்கும் இது நடந்ததுதான், எமுலேட்டர்ல ஒரு கிழமையா ஒழுங்கா ஓடின சாமான பழைய மெசின் ஒண்டுல போட்டா ஸ்கிரீன் முழுக்கக் கிறுக்கல், பிளொப்பி டிரைவக் குற்றம் சொல்லி அதக் கழற்றிக் கூடப் பாத்தன். கடைசியில விட்டது அந்த ரெண்டு வரிதான். `mov ax, 0`, `mov ds, ax`, கண்ண மூடிக்கொண்டு எழுதுங்க.

`CS`ஐயும் நாமளே செற் பண்ணணுமா? தொடக்கத்துல ஃபார் ஜம்ப் போடுறாங்களே?

பயோஸ் 07C00க்குப் பாய வேணும், ஆனா 0000:7C00 எண்டு பாயுமா 07C0:0000 எண்டு பாயுமா எண்டது பயோசப் பொறுத்தது. ரெண்டு விதமும் உலகத்துல இருக்கு. இடம் ஒண்டுதான், ஆனா ஓடுற கட்டளைட செக்மென்ட வச்சிருக்கிற `CS`, ஒஃப்செட்ட வச்சிருக்கிற `IP`, ரெண்டுக்குள்ளயும் உள்ள நம்பர் வேற.

மேல உள்ள புரோகிராமுக்கு இது ஒண்டும் செய்யாது, ஏனெண்டா அதுல உள்ள `jmp`, `jz` எல்லாம் "இங்க இருந்து இத்தின பைட் முன்னுக்கு, பின்னுக்கு" எண்டு தூரத்தத்தான் வச்சிருக்கு, `CS` என்னவா இருந்தாலும் தூரம் தூரம்தான். அதாலதான் இந்தப் பிழை கன நாள் ஒளிச்சுக் கிடக்கும். `jmp [table]` மாதிரி முழு ஒஃப்செட்ட மெமரியில இருந்து எடுத்துப் பாயிற இடம், இல்லாட்டி `CS`ஐ அப்பிடியே இன்டரப்ட் வெக்டருக்குள்ள எழுதுற இடம் வந்தாத்தான் அடி விழும். `CS` 07C0ஆ இருக்கக்குள்ள 7C40க்குப் பாஞ்சா போறது 0F840க்கு, திரும்பவும் ரெண்டு தரம் கூட்டின கதை. `jmp 0x0000:start` எண்டு முதல் வரியில போட்டா `CS` பூச்சியம் எண்டு நிச்சயமாயிரும். அஞ்சு பைட்தான் செலவு.

1000:FFFFக்கு அடுத்தது 2000:0000 தானே?

இடத்தப் பாத்தா ஓம், 1FFFFக்கு அடுத்தது 20000. ஆனா `SI`ல FFFF இருக்கக்குள்ள `inc si` அடிச்சா 2000:0000க்குப் போகாது, 1000:0000க்குத் திரும்பி வந்திரும், அதாவது 10000. ஒஃப்செட் 16 பிட், நிறைஞ்சா பூச்சியம், அந்த மிச்சம் செக்மென்ட்டுக்கு ஏறாது. கயிறு முடிஞ்சா சிபியு தானா அடுத்த கதியாலுக்கு மாத்திக் கட்டாது, நீங்கதான் கட்டணும்.

64 கிலோபைட்டுக்கு மேல உள்ள ஃபைல் ஒண்ட வாசிச்சு, நடுவுல இருந்து தொடக்கமே திரும்ப வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதத்தான்.

டர்போ சில ரெண்டு ஃபார் பொயின்டர் ஒரே இடத்தக் காட்டுது, ஆனா `==` இல்ல எண்டுது. கம்பைலர் பிழையா?

இல்ல. ஃபார் பொயின்டர `==` ஒப்பிடுறது செக்மென்ட், ஒஃப்செட் ரெண்டும் சேந்த 32 பிட்ட, கூட்டி வாற இடத்த இல்ல. B800:00A0ம் B80A:0000ம் ஒரே எழுத்து எண்டு மேல பாத்தம், ஆனா `==`க்கு அது வேற வேற. இன்னும் மோசம், `<`, `>` எல்லாம் ஒஃப்செட்ட மட்டும்தான் பாக்கும், அதால 00A0 பெருசு, 0000 சிறுசு எண்டு சொல்லிரும். ஒரே இடம், ஒண்டு மற்றதவிடப் பெருசாம்!

வழி என்னெண்டா ரெண்டையும் ஒரே விதமா எழுதிப்போட்டு ஒப்பிடுறது. பிசிக்கல் அட்ரஸ எடுங்க, கடைசி இலக்கம் மட்டும் ஒஃப்செட், முன்னால உள்ள நாலும் செக்மென்ட். 179B8 எண்டா 179B:0008. ஒஃப்செட் 0ல இருந்து F வரைக்கும்தான் வரும், அதாவது கிட்டக் கிடக்கிற கதியால்லதான் எப்பவும் கயிறு கட்டணும் எண்டு சட்டம் போட்டாச்சு, அப்ப ஒரு இடத்துக்கு ஒரு பேர்தான். `huge` பொயின்டர் உள்ளுக்குள்ள செய்றது இதத்தான், அதாலதான் அது மெதுவா ஓடும்.

சோதனையில 12350க்கு ஜோடி கேட்டாங்க, நான் 1234:0010 எழுதினன், புள்ளி தரல்ல. மார்க்கிங்ல 1235:0000 தானாம்.

உங்கட விடை சரி. 12340 + 10 = 12350. 1000:2350ம் சரி. கேள்வியில "செக்மென்ட் இது, ஒஃப்செட் என்ன" எண்டோ "ஒஃப்செட் Fக்கு மேல போகக் கூடாது" எண்டோ சொல்லியிருந்தாத்தான் ஒரே விடை. திருத்தினவருக்கிட்ட கூட்டல எழுதிக் காட்டிக் கேளுங்க, கோவிக்காம.

FFFF:0010 எங்க போகும்? கூட்டினா ஆறு இலக்கம் வருது.

FFFF0 + 10 = 100000, ஒரு மெகாபைட்டுக்கு அடுத்த பைட். 8086ல 20 லைன்தான், A0ல இருந்து A19 வரைக்கும், 21ஆவது பிட்டக் கொண்டு போக கம்பியே இல்ல, அதால அது விழுந்து 00000க்குப் போகும். 07C00க்கு மிச்சம் 2111 கதியால் எண்டு மேல சொன்னது இப்பிடிச் சுத்தி வாற ஜோடிகள்தான்.

1982ல வந்த 286ல 24 லைன், அதுல 100000 உண்மையான இடம். சுத்தி வாறத நம்பி எழுதின பழைய புரோகிராம்கள் இருந்ததால ஐபிஎம் 1984 ஏடி மெசின்ல A20 லைனுக்கு ஒரு கேற் போட்டு, அதக் கீபோர்ட் கொன்ட்ரோலருக்கிட்ட குடுத்தாங்க. கேற் பூட்டினா 8086 மாதிரி சுத்தும், திறந்தா FFFF செக்மென்ட்டால 65,520 பைட் கூடக் கிடைக்கும், FFFF:FFFF எண்டா 10FFEF வரைக்கும். 1991ல வந்த எம்எஸ் டோஸ் 5ல `DOS=HIGH` எண்டு போட்டா டோஸ் தன்ர பெரும்பகுதியக் கொண்டு போய் வைக்கிறது அங்கதான்.

கேற் திறந்திருக்கா எண்டு பாக்கிறதும் இதே கணக்குத்தான். பூட் செக்டர்ட கடைசி ரெண்டு பைட், AA55, இருக்கிறது 0000:7DFEல. FFFF:7E0Eயக் கூட்டினா 107DFE. ரெண்டு இடத்தையும் வாசிங்க. வேற வேற எண்டா கேற் திறந்திருக்கு. ஒண்டா இருந்தா உடன முடிவு எடுக்காதீங்க, மேல தற்செயலா AA55 கிடக்கலாம், 7DFEல வேற நம்பர் ஒண்ட எழுதிப்போட்டு மற்றதத் திரும்ப வாசிங்க. அதுவும் சேந்து மாறினா ரெண்டும் ஒரே இடம், பூட்டித்தான் கிடக்கு.

புரடெக்டட் மோட்லயும் இந்தக் கூட்டல்தானா?

இல்ல. அங்க `DS`ல இருக்கிறது கதியால் நம்பர் இல்ல, டேபிள் ஒண்டுல எத்தினையாம் வரி எண்டு காட்டுற செலக்டர். தொடக்க இடம் அந்த வரிக்குள்ள எழுதியிருக்கும், 16ஆல பெருக்கிற வேலை இல்ல. `DS`ல 0x10 கிடந்தா 00100 எண்டு கணக்குப் போட்டிராதீங்க.